ஜெய்சல்மேரில் மே மாதம்: வியர்வை தெரியாத வெயில்

ராஜஸ்தானின் மேற்குக் கோடியில் இருக்கும் ஜெய்சல்மேரைப் பார்க்க ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. தமிழ்நாட்டில் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பதோ கோடையில். பிள்ளைகளோடு போக வேண்டுமென்றால் பல குடும்பங்களுக்கு மே மாதத்தைத் தவிர வேறு வழி இல்லை. அறை வாடகை குறைவு, கூட்டமும் குறைவு என்பதால் பயணம் எளிதாக உறுதியாகிவிடுகிறது. மே மாதத்தில் அங்கே பகல் வெப்பம் சராசரியாக 41, 42 டிகிரி செல்சியஸ் இருக்கும். சில நாள்களில் 45-ஐத் தாண்டும். ஜெய்சல்மேரிலிருந்து பிகானேர் போகும் வழியில் உள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. வானிலைத் துறை சொல்லும் இந்த எண், நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்து அளந்த காற்றின் வெப்பம். வெயிலில் நிற்பவர் மீது படும் சூட்டில் சூரியன், சுவர், தரை மூன்றின் பங்கும் சேரும். நண்பகலில் வெறும் மணலின் மேற்பரப்பு 60 டிகிரிக்கு மேல் போகும்.

சென்னையிலோ தூத்துக்குடியிலோ கோடையைப் பழகியவர்களுக்கு இந்த வெயில் ஒரு தவறான நம்பிக்கையைக் கொடுக்கிறது. கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை காய்வதில்லை. சட்டை முதுகோடு ஒட்டும், கைக்குட்டை நனையும், கசகசப்பு தாங்காமல் மனிதர் தாமாகவே நிழலுக்கு ஒதுங்கித் தண்ணீர் கேட்பார். பாலைவனத்தில் வியர்வை தோலுக்கு வந்த மறுகணமே காய்ந்துவிடும். சட்டை உலர்ந்தே இருக்கும். “வெயில்தான், ஆனா நம்ம ஊர் மாதிரி புழுக்கம் இல்லையே” என்று முதல் நாள் காலையில் பலரும் சொல்வார்கள். அப்படிச் சொல்லும் நேரத்திலேயே உடலிலிருந்து மணிக்கு அரை லிட்டரோ அதற்கு மேலோ நீர் போய்க்கொண்டிருக்கலாம். அதன் அடையாளமாக மிஞ்சுவது, மாலையில் கறுப்புச் சட்டையில் தெரியும் வெள்ளை உப்புக் கோடு மட்டுமே.

இதன் காரணம் எளிது. தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை உடல் தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். காற்று 42 டிகிரி ஆகும்போது சூடு எதிர்த்திசையில், காற்றிலிருந்து உடலுக்குள் பாயத் தொடங்கும். அப்போது உடலிடம் எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அந்த வகையில் வறண்ட காற்று உடலுக்கு உதவியே செய்கிறது. ஆனால் அந்த லிட்டரைத் திரும்ப ஊற்றியாக வேண்டும்.

எட்வர்ட் அடால்ஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பாலைவனத்தில் படைவீரர்களிடம் இதை ஆராய்ந்தார்கள். 1947-இல் நூலாக வந்த அந்த ஆய்வின் இரண்டு முடிவுகள் சுற்றுலாப் பயணிக்கு நேரடியாகப் பயன்படும். ஒன்று, தண்ணீரைக் குறைத்துக் குடிப்பதால் வியர்வை குறைவதில்லை. மிச்சம் பிடித்த தண்ணீர் புட்டியில் இருக்கும், உடல் வறண்டிருக்கும். இரண்டு, பக்கத்திலேயே தண்ணீர் இருந்தாலும் தாகத்தை மட்டும் நம்பிக் குடிப்பவர்கள் இழந்த அளவைக் குடிப்பதில்லை. அடுத்த வேளை சாப்பாட்டின்போதுதான் மீதியை ஈடுகட்டுகிறார்கள். சட்டையும் சொல்லாது, தாகமும் தாமதமாகவே சொல்லும் என்பதால் அங்கே உணர்வை நம்பாமல் கடிகாரத்தையும் லிட்டர் கணக்கையும் நம்ப வேண்டியிருக்கிறது.

அந்தக் கடிகாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம். ஜெய்சல்மேர் இருப்பதோ ஏறக்குறைய 71 டிகிரி தீர்க்கரேகையில், சென்னைக்கு வெகு மேற்கே. மே மாத நடுவில் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12.05 மணிக்கு, ஜெய்சல்மேரில் சுமார் 12.45-க்கு. காற்றின் வெப்பம் உச்சத்தைத் தொடுவது சூரியன் உச்சியைக் கடந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான். ஆகவே ஜெய்சல்மேரில் நாளின் மிகக் கொடிய வேளை பிற்பகல் 3 மணிக்கும் 4.30-க்கும் இடையில் விழுகிறது. சென்னைக்காரருக்கு 4 மணி என்றால் கடற்காற்று வீசத் தொடங்கிய மாலை. கடற்கரைக்குக் கிளம்பும் நேரம். அதே பழக்கத்தில் ஜெய்சல்மேரில் 4 மணிக்கு வெளியே வருபவர், மேற்கிலிருந்து அடிக்கும் ‘லூ’ என்ற அனல்காற்றுக்கு நேரே முகத்தைக் கொடுக்கிறார். இதற்கு ஈடாக ஒரு நன்மையும் இருக்கிறது. மே மாதத்தில் அங்கே சூரியன் மறைய 7.25 ஆகிவிடும். மாலையில் சென்னையைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும்.

எனவே நாளை இரண்டு துண்டுகளாக வெட்டிக்கொள்வதுதான் முறை: விடியலிலிருந்து காலை 10.30 வரை ஒன்று, மாலை 5.30-க்குப் பிறகு மற்றொன்று. தாய், தந்தை, 68 வயதுப் பாட்டி, 9 வயதுப் பையன் என்று நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தை வைத்து இதைப் பார்க்கலாம்.

சூரியன் உதிப்பது 6 மணியை ஒட்டி. அதற்குக் கால் மணி நேரம் முன்பே கடிசர் ஏரிக்கரையில் இருந்துவிட்டால், நகருக்கு ஒருகாலத்தில் குடிநீர் கொடுத்த அந்த ஏரியையும் அதன் மண்டபங்களையும் நல்ல வெளிச்சத்தில், 27, 28 டிகிரியில் பார்க்கலாம். 6.45-க்குக் கோட்டை ஏற்றம். 1156-இல் ராவல் ஜைசல் கட்டத் தொடங்கிய இந்தக் கோட்டைக்குள் இன்றும் மக்கள் வசிக்கிறார்கள். அதனால் தெருக்களில் நடக்க எந்தச் சாளரமும் திறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. நுழைவாயிலிலிருந்து நான்கு வாசல்களைக் கடந்து வளைந்து ஏறும் கல்பாவிய சரிவுப் பாதைதான் அன்றைய நாளின் கடினமான நடை. பாட்டிக்கு அது 7 மணிக்கு ஒரு சிறு சிரமம். 11 மணிக்கு ஆபத்து. உள்ளே போய்விட்டால் சந்துகள் குறுகலானவை, இரு பக்கமும் உயர்ந்த வீடுகள். காலை 9 மணி வரை ஏதாவது ஒரு சுவரின் நிழல் கூடவே வரும். அருங்காட்சியகம் போன்றவை திறக்கும் நேரத்தை முந்தைய மாலையே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

9 மணிக்கு மேல் திறந்தவெளியை விட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும். பட்வோன் கி ஹவேலி போன்ற வணிகர் மாளிகைகளை இந்த நேரத்துக்கு ஒதுக்கி வைக்கலாம். கனமான மணற்கல் சுவர், நடுமுற்றம், துளைவேலைப்பாடு கொண்ட கல் சன்னல்கள் எல்லாம் வெயிலை மனத்தில் வைத்தே கட்டப்பட்டவை. முற்பகலில் கீழ்த்தளத்து அறைகள் வெளியைவிட நன்றாகக் குளிர்ந்திருக்கும். ஆனால் அதே கல் பகல் முழுவதும் சூட்டைக் குடித்துவிட்டு முன்னிரவில் வெளியே விடும். அதனால் மாலை 6 மணிக்குக் கோட்டைச் சந்துக்குள் நுழைபவருக்குத் தலைக்கு மேல் வெயில் இருக்காது. இரண்டு பக்கச் சுவரும் அனலடிக்கும். கோட்டையைக் காலைக்கும் மணற்குன்றை மாலைக்கும் வைக்கச் சொல்வது இதனால்தான்.

10.30-க்கு அறைக்குத் திரும்பியபின் ஏழு மணி நேர இடைவெளி. பயணத் திட்டம் போடுபவர்களுக்கு மனசு ஒப்பாத பகுதி இது. இவ்வளவு செலவு செய்து வந்து அறையில் தூங்குவதா என்று தோன்றும். காலையில் ஏறிய உடல்சூடு முழுவதும் இறங்கி, இழந்த நீர் ஈடாகி, மாலைக்கு உடல் தயாராவது இந்த நேரத்தில்தான். பகல் ஓய்வை விட்டவர்களுக்கு முதல் நாள் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். தூக்கம் கெட்டு, நீர் குறைந்து, இரண்டாம் மூன்றாம் நாளில் சரிவார்கள். உடல் ஒரு புதிய வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். நான்கு நாள் பயணி அந்தப் பழக்கத்தைப் பெறுவதற்கு முன்பே ரயில் ஏறிவிடுகிறார்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள மேல்தள அறையைத் தவிர்த்து, கீழ்த்தளத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஏசி இல்லாவிட்டாலும் ஏர்கூலர் அங்கே நன்றாகவே வேலை செய்யும். சென்னையில் கூலர் வாங்கி ஏமாந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஈரமான கடற்காற்றில் தண்ணீர் ஆவியாகாததால் அங்கே அது வெறும் விசிறி. பாலைவனக் காற்று வறண்டது என்பதால் கூலரின் ஈரத்தட்டி வழியாக வரும்போது பல டிகிரி இறங்கிவிடும். ஒரே நிபந்தனை, எதிர்ப்பக்கச் சன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். ஏசி அறை போல எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் அறை ஈரமாகி, நம் ஊர்ப் புழுக்கமே அங்கும் வந்துவிடும். மின்சாரம் போனால், சட்டையையும் கைகால்களையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு விசிறிக்கொள்வது அதே வேலையைச் செய்யும். நனைக்காமல் 42 டிகிரிக் காற்றை முகத்தில் அடித்துக்கொள்வதில் பெரிய பயன் இல்லை.

மாலை 5.30-க்குக் கிளம்பினால் 40 கிலோமீட்டரில் உள்ள சாம் மணற்குன்றுகளை 6.30-க்குள் அடையலாம். சூரியன் மறைய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். ஒட்டகச் சவாரிக்கு அது தாராளம். குளிர்கால அட்டவணைப்படி 4 மணிக்கே கிளம்பச் சொன்னால் சம்மதிக்கத் தேவையில்லை. பையனை வெறுங்காலோடு மணலில் விட அவசரப்படக்கூடாது. பெரியவர் ஒருவர் புறங்கையை மணலில் வைத்துப் பார்த்து, சில விநாடி தாங்க முடிந்தால்தான் செருப்பைக் கழற்றலாம்.

உடை விஷயத்தில் உள்ளூர்க்காரர்களைப் பார்த்துக்கொண்டால் போதும். வெயிலில் அவர்கள் உடலைத் திறந்து போடுவதில்லை. தளர்ந்த முழுக்கைப் பருத்திச் சட்டையும் தலைப்பாகையும்தான் அணிகிறார்கள். அடால்ஃபின் ஆய்வும் இதையே சொன்னது: வெயிலில் வெற்றுடம்போடு இருப்பவரைவிட உடை அணிந்தவர் இழக்கும் நீர் குறைவு.

இனி தண்ணீர்க் கணக்கு. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் கூறும் அளவு, 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர், அதாவது சுமார் 240 மில்லி. எந்த நிலையிலும் மணிக்கு ஏறக்குறைய 1.4 லிட்டருக்கு மேல் கூடாது. பாதி நிழலில் மெதுவாக நடக்கும் சுற்றுலாவுக்கு இவ்வளவு தேவைப்படாது. மணிக்கு அரை லிட்டர் என்று வைக்கலாம். காலைச் சுற்று ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு என்றால் இரண்டரை லிட்டர், மதிய ஓய்வில் மோரும் குழம்பும் சேர்த்து ஒன்றேகால் லிட்டர், மாலையில் மூன்று மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டருக்கு அருகில். ஆக, பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு ஐந்து லிட்டர்; பையனுக்கு அதில் பாதிக்குச் சற்று மேல். கோட்டைக்குள் கடைகள் இருப்பதால் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் கையில் இருந்து, அது பாதியானதும் அடுத்ததை வாங்கினால் போதும்.

உப்பு தனியாகக் கவனிக்க வேண்டியது. வியர்வையில் உப்பும் போகிறது. பயந்துபோய் மணிக்கு இரண்டு லிட்டர் வெறும் தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் வரும். பார்க்க வெயில் மயக்கம் போலவே இருப்பதால், சுற்றியிருப்பவர்கள் இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையைக் கெடுப்பார்கள். விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியிருக்கிறதா, சிறுநீர் தண்ணீர் போல நிறமின்றி அடிக்கடி போகிறதா என்று கேட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். அப்படியானால் தண்ணீரை நிறுத்தி, உப்புள்ள தின்பண்டம் கொடுத்து, மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். இந்த நிலை வராமலிருக்க வேளைக்கு ஒழுங்காகச் சாப்பிடுவதே பெரும்பாலும் போதும். ராஜஸ்தானில் சாப்பாட்டோடு கிடைக்கும் உப்புப் போட்ட ‘சாச்’, நம் மோர்தான். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஓஆர்எஸ். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படியான 20.5 கிராம் பொட்டலத்தை முழு ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு தம்ளரில் கொட்டிக் குடிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பிள்ளைகளுக்கு அது தீங்கு செய்யும்.

பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் மறதியல்ல, வழியில் கழிப்பறை இருக்காது என்ற பயம். லிட்டர் கணக்குப் போடுபவர் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்று ஓட்டுநரிடமும் விடுதியிலும் கேட்டு அதையும் திட்டத்தில் எழுதாவிட்டால், அந்தக் கணக்கு ஆண்களுக்கு மட்டுமே பொருந்தும். காலையிலிருந்து ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, அல்லது அது அடர்மஞ்சளாகப் போகிறது என்றால் குடித்தது போதவில்லை.

நகரை விட்டு வெளியே போகும் நாளுக்குக் கணக்கே வேறு. 1971 டிசம்பரில் போர் நடந்த லோங்கேவாலாவும் தனோட் மாதா கோயிலும் ஜெய்சல்மேரிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். இடையில் ராம்கட் என்ற சிற்றூரைத் தாண்டினால் கடைகள் மிகக் குறைவு, கைபேசித் தொடர்பும் விட்டுவிட்டுத்தான். அதிகாலை 5 மணிக்குக் கிளம்பி 11.30-க்குள் திரும்பும்படி வைத்தால், ஓட்டுநரோடு ஐந்து பேருக்கு வழக்கமான தேவை சுமார் 15 லிட்டர். திரும்பும் வழியில் வண்டி நின்றுபோய் மாலைவரை காத்திருக்க நேர்ந்தால் இன்னொரு 15 லிட்டர். ஒரு 20 லிட்டர் கேனும் பத்து ஒரு லிட்டர் பாட்டிலும் டிக்கியில் இருந்தால் கணக்கு சரியாகிவிடும். காருக்குள் தண்ணீர் வெந்நீராகிவிட்டால் யாரும் குடிக்கமாட்டார்கள். பாட்டிலை ஈரத்துணியால் சுற்றிக் காற்றுப்படும்படி வைத்தால் குடிக்கும்படியாக இருக்கும். வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நடக்கக் கூடாது. தேடி வருபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது வண்டிதான். உள்ளே அமர்ந்தால் வேகும்; வண்டியின் நிழலில், மணலின் மேல் நேராக உட்காராமல், பாயையோ பெட்டியையோ போட்டு உட்கார வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவருக்கு முடியாமல் போனால் பார்க்க வேண்டியது அவருடைய பேச்சை. தலைசுற்றல், குமட்டல், ஈரமான வெளிறிய தோல், சோர்வு, ஆனால் கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறார் என்றால் அது வெப்பத் தளர்ச்சி. நிழலில் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, ஓஆர்எஸ் கொடுத்தால் அரை மணி நேரத்தில் தேறத் தொடங்குவார். பேச்சு குழறுகிறது, எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியவில்லை, காரணமில்லாமல் கோபப்படுகிறார், நடை தள்ளாடுகிறது, வலிப்பு வருகிறது என்றால் வெப்பத்தாக்கு. உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போயிருக்கும். தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள்; நடந்து களைத்தவருக்கு வியர்வை வழியும்போதும் அது வரலாம்.

வெப்பத்தாக்கில் முதல் அரை மணி நேரம் உயிரைத் தீர்மானிக்கும். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். தொட்டி இருந்தால் தலை மேலே இருக்கும்படி பிடித்துக் குளிர்ந்த நீரில் இறக்கலாம். இல்லையென்றால் மேலாடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். கேனில் மிச்சமாக வைத்த தண்ணீருக்கு இதைவிடப் பெரிய பயன் இல்லை. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. கிருமியால் வரும் காய்ச்சலில் வேலை செய்யும் மருந்து அது.

இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், மனநல மருந்துகள் சிலவற்றை எடுப்பவர்கள் ஆகியோருக்கு வெப்பத்தைத் தாங்கும் திறன் குறைவு. மாத்திரையைத் தாமாக நிறுத்துவது தீர்வல்ல. டிக்கெட் போடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். வானிலைத் துறை கடும் வெப்ப அலை என்று எச்சரித்த நாளில் தனோட் பயணத்தை ரத்து செய்வதே சரி. வெப்பத்தாக்கிலிருந்து தேறியவருக்கு உடல் மீண்டும் சூட்டைத் தாங்கும் நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், அவர் மறுநாள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் மீதிப் பயணத்தை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும்.